‘எப்படி?’ என்று நின்றுவிடும் செய்தி

வயல்வெளிப் பணியாளர்களுக்கு விவசாயிகள் எழுதியனுப்பும் கேள்விகளிலும், வகுப்பில் மாணவர்கள் துண்டுத்தாளில் எழுதித் தரும் கேள்விகளிலும் ஒருவகை அடிக்கடி தோன்றுகிறது. இரண்டு மூன்று சொற்களில் ஒரு விஷயம் குறிப்பிடப்பட்டிருக்கும். அதன்பின் ‘எப்படி’ அல்லது ‘ஏன்’ என்ற வினாச்சொல் தனியே நிற்கும். வினைச்சொல் இராது. இத்தகைய கேள்விக்கு உடனே விடை எழுதிவிடலாமா, அல்லது கேட்டவரை இன்னும் ஒரு வார்த்தை சொல்லுமாறு தூண்ட வேண்டுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். இது வெறும் இலக்கண விசாரணையன்று. சில சமயங்களில் ஒரு போகத்து விளைச்சலே இதைப் பொறுத்திருப்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டிலிருந்து காணலாம்.

இமயமலையின் அடிவாரத்தில், உத்தராகண்டம், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் தராய்ப் பிரதேசம் நெல்லுக்குப் பெயர்பெற்றது. அங்கே நாற்று நட்ட இரண்டு மூன்று வாரங்களில் பயிர் வளர்ச்சி குன்றி, அடியிலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் பரவும் ஒரு நிலை உண்டு. அவ்வட்டாரத்து மக்கள் இதனைக் ‘கைரா’ என்பர். இது பூஞ்சையாலோ பூச்சியாலோ வருவதன்று, துத்தநாகக் குறைவால் வருவது என்பதைப் பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஒய். எல். நேனே 1966-இல் வெளியிட்டார். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் நீர் தொடர்ந்து தேங்கி நிற்கையில், மண்ணில் துத்தநாகம் இருந்தபோதிலும் அது கரையாத வடிவில் சிக்கிக்கொள்கிறது; வேர் அதை உறிஞ்ச இயலுவதில்லை.

அப்பகுதி விவசாயி ஒருவர் தம் வட்டார விரிவாக்கப் பணியாளருக்குத் தொலைபேசியில் பின்வரும் செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம்.

“ஐயா, நெல் நட்டு 20 நாள். இலையில் துரு. ஜிங்க். எப்படி”

பணியாளர் அனுபவம் மிக்கவர். கைராவை நன்கு அறிந்தவர். எனவே செய்தியைக் கண்டதும் அவர் உள்ளத்தில் விடை தோன்றிவிடும். ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 2½ கிலோ நீற்றுச் சுண்ணாம்பையும் 1,000 லிட்டர் தண்ணீரில் கலந்து இலையின்மீது தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்ப்பது, சல்பேட்டின் புளிப்புத் தன்மையால் இலை கருகாமல் இருக்கும்பொருட்டு. விடையில் குற்றமில்லை. ஆனால் அது விவசாயி கேட்ட கேள்விக்கு விடைதானா என்பது இன்னும் தெரியவில்லை.

தமிழில் ‘எப்படி’ என்ற சொல் குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘ஜிங்கை எப்படித் தெளிப்பது?’ என்கையில் அது முறையைக் கேட்கிறது. ‘இந்த ஜிங்க் எப்படி?’ என்கையில் தரத்தைக் கேட்கிறது. இவ்வாக்கியத்தில் வினைச்சொல் இல்லாவிடினும் தமிழில் இது முழு வாக்கியமே. ‘ஜிங்க் தெளித்தும் இது எப்படி நேர்ந்தது?’ என்கையில், நடந்துவிட்ட ஒன்றுக்கு விளக்கம் கேட்கிறது. ஹிந்தியிலும் நிலைமை இதற்குத் தூரமானதன்று. அங்கே தன்மையைக் கேட்கும் ‘கைஸா’ என்ற சொல்லும், முறையைக் கேட்கும் ‘கைஸே’ என்ற சொல்லும் இறுதி உயிரொலி ஒன்றால் மட்டும் வேறுபடுகின்றன. அவசரமாக எழுதுபவர் விரலில் அந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடும்.

மூன்று பொருள்களில் மூன்றாவதே ஆபத்தானது. விவசாயி ஒருமுறை தெளித்துவிட்டு, பயன் காணாமல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிக்கும் முறையை விளக்கும் விடை வந்தால் அவர் செய்யக்கூடியது யாது? தாம் முன்பு செய்தது தவறு போலும் என்றெண்ணி மறுபடியும் தெளிப்பார். பணமும் உழைப்பும் போவது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் அந்தப் பயிரைத் தாக்கியிருப்பது தூங்ரோ என்னும் வைரஸ் நோயாக இருந்தால், பச்சைத் தத்துப்பூச்சிகள் அதை அக்கம்பக்கத்து வயல்களுக்குக் கொண்டுசெல்ல மேலும் ஒரு வாரம் கிடைத்துவிடுகிறது. துத்தநாகம் அந்த நோய்க்கு எவ்வகையிலும் மருந்தன்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். ‘யார்’, ‘எங்கே’, ‘எப்போது’ என்ற சொற்களும் இவ்வாறு தனியே நிற்கின்றனவே. அவற்றுக்கு இத்தனை தொல்லை இல்லையே, ஏன்? காரணம் அச்சொற்களின் இயல்பில் உள்ளது. ‘விதை, எங்கே’ என்று ஒருவர் எழுதினால், காலியாக இருப்பது இடம் என்ற ஒரே அறைதான். விதை கிடைக்குமிடத்தைச் சொன்னால் பெரும்பாலும் போதும். ‘எப்படி’, ‘ஏன்’ ஆகிய இரண்டும் அப்படி ஓர் அறையை நிரப்பும் சொற்களல்ல. அவை ஒரு முழு நிகழ்ச்சியின்மேல் வந்து அமர்வன. நிகழ்ச்சியைச் சொல்லும் வினைச்சொல் இல்லையெனில் அவை எதன்மேல் அமர்ந்திருக்கின்றன என்பதை அறிய வழியில்லை.

இதனால், வினாச்சொல் தனித்து நிற்பதெல்லாம் குறை என்று கொள்ளலாகாது. ‘பக்கத்து வயலில் யூரியாவை இரண்டு முறையாகப் பிரித்து இட்டார்கள். ஏன்?’ என்ற செய்தியில் எதுவும் குறைவில்லை. முன்வாக்கியம் முழுமையாக நிற்பதால் ‘ஏன்’ அதையே சுட்டுகிறது. வாசிப்பவர் மனம் விடுபட்ட பகுதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. மொழியியலார் ஜான் ராபர்ட் ராஸ் 1969-இல் ஆங்கில மொழியில் இவ்வகைச் சுருக்கத்துக்கு ஒரு பெயரிட்டு ஆராய்ந்தார். பின்னர்ப் பல மொழிகளிலும் இதையொத்த சுருக்கங்களை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். முன்னால் ஒரு முழு நிகழ்ச்சி, அதுவும் ஒரே நிகழ்ச்சி, சொல்லப்பட்டிருந்தால் தனி வினாச்சொல் போதுமானது. நிகழ்ச்சியே சொல்லப்படாமல் பொருள்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றாலோ, இரண்டு நிகழ்ச்சிகள் சொல்லப்பட்டு எது என்று தெரியாவிட்டாலோதான் தூண்டுதல் தேவைப்படுகிறது. செய்தியைப் படித்தவுடன் பணியாளர் செய்யத்தக்க சோதனையும் இதுவே: வினாச்சொல்லுக்குப்பின் ஒரு வினைச்சொல்லைத் தாமே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் பொருந்துகிறதெனில் விடை எழுதலாம். இரண்டு பொருந்தி, இரண்டுக்கும் விடைகள் வேறாக இருக்குமெனில் கேட்க வேண்டும். இரண்டு பொருந்தினும் விடை ஒன்றேயெனில் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கேட்பவர் ஏன் இவ்வாறு அரைகுறையாக எழுதுகிறார்? கல்வியின்மையே காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது சரியன்று. வயலில் நின்றுகொண்டு எழுதுபவருக்கு அந்த வினைச்சொல் கண்ணெதிரே இருக்கிறது. தெளிப்பானைக் கழுவி வைத்து ஆறு நாள் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். எழுதாமலே அது செய்தியில் இருப்பதாக அவர் உணர்கிறார். நாமும் வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம், எதிரே இருப்பவர் புரிந்துகொள்கிறார். தொலைவிலுள்ள பணியாளருக்கு அந்தக் காட்சி இல்லை என்பதுதான் வேறுபாடு.

இன்னொரு காரணம் நம் மொழிகளின் அமைப்பைச் சார்ந்தது. தமிழிலும் ஹிந்தியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆகையால் செய்தி எக்காரணத்தாலாயினும் கடைசியில் அறுபட்டால் முதலில் இழக்கப்படுவது வினைச்சொல்லே. கைத்தொலைபேசியின் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துக்கள் 160 அடங்கும். தமிழ், தேவநாகரி போன்ற எழுத்துக்களுக்கு அந்த இடம் 70 குறிகளாகச் சுருங்குகிறது. ‘கி’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்தாயினும், மெய்யுடன் உயிர்க்குறி சேர்வதால் கணக்கில் இரண்டு குறிகள். நீண்ட செய்திகள் துண்டுகளாகப் பிரிந்து செல்கின்றன. ஒரு துண்டு வந்துசேராவிடில் கேள்வியின் வால் போய்விடும். எனவே ‘எப்படி’ என்று முடியும் செய்தியைக் கண்டால், எழுதியவர் அங்கேயே நிறுத்தினாரா, அல்லது அது வழியில் அறுந்ததா என்ற ஐயமும் உடன் எழவேண்டும்.

இனித் தூண்டும் முறைக்கு வருவோம். ‘கேள்வியைத் தெளிவாக எழுதவும்’ என்ற பதில் பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அதனால் விளையும் பலன் பெரும்பாலும் மௌனமே. எதைத் தெளிவாக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்படவில்லை. தாம் எழுதியது முழுமையானது என்றே எண்ணியிருப்பவர் அதை வேறெப்படி எழுதுவார்? முழுச் செய்தியையும் மறுபடி அப்படியே அனுப்புவார், அல்லது அதிகாரி கோபமாக இருக்கிறார் என்று விட்டுவிடுவார்.

நேரடி உரையாடலில் மனிதர்கள் இதனை எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதை அறிவது இங்கே பயனுடையது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த ஒரு குழுவினர், 2015-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ‘என்ன?’, ‘யார்?’, ‘அதைத்தானே சொல்கிறீர்கள்?’ என்றவாறு கேட்டவரைத் திருப்பிக் கேட்கும் செயல் சராசரியாக 1½ நிமிடத்துக்கு ஒருமுறையேனும் நிகழ்கிறது என்று அவர்கள் கண்டனர். அதைவிட முக்கியமானது மற்றொரு முடிவு. திருப்பிக் கேட்பவர், தமக்குப் புரிந்தவரை காட்டி, புரியாத பகுதியை மட்டும் குறிப்பாகக் கேட்கவே முயல்கிறார், வெறும் ‘என்ன?’ என்பது வேறு வழியில்லாதபோது வருவது. இவ்வாறு கேட்டால் எதிரிலிருப்பவர் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டிய சிரமம் குறைகிறது. ஆகவே மென்மையாகத் தூண்டுவது என்பது வெறும் மரியாதையன்று. யார் எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் அடங்கியுள்ளது.

மேற்கண்ட தராய் விவசாயிக்குப் பணியாளர் இப்படி எழுதலாம்: “நட்டு 20 நாளில் இலையில் துரு நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிங்க் இனிமேல்தான் தெளிக்கப்போகிறீர்களா, முன்பே தெளித்தாயிற்றா? வேறு ஏதேனும் கேட்க எண்ணியிருந்தாலும் எழுதுங்கள்.” இதில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, அவர் சொற்களையே திருப்பிச் சொல்லி, செய்தி வந்துசேர்ந்தது, படிக்கப்பட்டது என்று காட்டுகிறது. அடுத்தது இரண்டே வாய்ப்புக்களை முன்வைக்கிறது. இறுதி வாக்கியம் கதவை மூடாமல் வைக்கிறது.

இரண்டு வாய்ப்புக்களை வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ‘தெளிக்கும் முறையைத்தானே கேட்கிறீர்கள்?’ என்று ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால், ‘ஆம் ஐயா’ என்றே பதில் வரும். அது சம்மதமன்று, மரியாதை. அதிகாரி ஒன்றைச் சொல்லும்போது இல்லை என்று மறுப்பது நம் நாட்டுக் கிராமங்களில் எளிதன்று. வகுப்பறையில் அதைவிடக் கடினம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரையும் மறுக்காமலே உண்மையைச் சொல்ல வழி பிறக்கிறது. நான்கைந்து வாய்ப்புக்களை அடுக்குவதும் தவறே. அது தேர்வுத்தாள் போலாகிவிடும்.

விவசாயியின் பதில் வருகிறது: “தெளிச்சாச்சு. 6 நாள். மாறல.”

ஆறே சொற்களுக்குள் கேள்வி முழுமையாகிவிட்டது. அவர் கேட்டது முறையையன்று. தெளித்தும் துரு ஏன் நீங்கவில்லை என்பதையே. இதற்கு விடை வேறு. ஒருமுறை பழுத்துப் புள்ளி விழுந்த இலை துத்தநாகம் கிடைத்தாலும் மீண்டும் பச்சையாகாது. குணத்தைப் பழைய இலையில் தேடலாகாது. தெளித்தபின் வெளிவந்த புதிய இலையில் காண வேண்டும். புதிய இலை பசுமையாக, அடிப்பகுதியில் வெளிறாமல் வருமானால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். புதிய இலையும் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறி, பயிர் குட்டையாகவே நின்று, பச்சைத் தத்துப்பூச்சியும் வயலில் தென்பட்டால், துத்தநாகத்தை மறந்துவிட்டு வயலை நேரில் பார்க்கப் புறப்பட வேண்டும். ஆகவே பணியாளரின் அடுத்த வாக்கியம், “பழைய இலையில் துரு மறையாது, கவலை வேண்டாம். புதிதாக வந்த இலையின் நிறம் என்ன என்று பார்த்து எழுதுங்கள்” என்று அமையும்.

அவர் ‘இனிமேல்தான்’ என்று பதிலளித்திருந்தால் மட்டுமே அளவைப் பற்றிய பேச்சு எழும். அப்போதும் கடையில் வாங்கிய பையின்மீது துத்தநாகம் 21 சதவீதம் என்றிருக்கிறதா, 33 சதவீதம் என்றிருக்கிறதா என்று கேட்பது நல்லது; துத்தநாக சல்பேட் இரு வடிவங்களில் விற்கப்படுகிறது, மேலே கூறிய 5 கிலோ முதல் வடிவத்துக்கு உரியது.

‘ஏன்’ என்ற சொல்லின் தொல்லை சற்று வேறுவிதமானது. அங்கே வினைச்சொல் இருந்தாலும் கேள்வி முழுமையடையாமல் போகலாம். மாணவன் ஒருவன் துண்டுத்தாளில் ‘பகலில் நிலா. ஏன்’ என்று எழுதித் தருகிறான். ‘தெரிகிறது’ என்ற வினையை நாமே சேர்த்துக்கொள்வோம். ஆயினும் அவன் எதை எதனோடு ஒப்பிட்டு வியக்கிறான்? நிலா இரவுக்கு உரியது, பகலில் வரலாகாது என்று எண்ணியிருந்தால், நிலா ஏறத்தாழப் பாதி நேரம் பகல் வானத்தில்தான் இருக்கிறது என்பதும், சூரிய ஒளி படும் அதன் முகம் நீல வானத்தைவிடப் பிரகாசமாக இருப்பதால் தெரிகிறது என்பதும் விடை. சென்ற வாரம் மாலையில் தெரியவில்லையே, இன்று தெரிகிறதே என்பது அவன் வியப்பானால், பிறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்: வளர்பிறையின் அரைநிலா ஏறத்தாழ நண்பகலில் உதிக்கிறது, தேய்பிறையின் அரைநிலா ஏறத்தாழ நண்பகலில் மறைகிறது, முழுநிலாவோ சூரியன் மறையும் வேளையில்தான் எழுகிறது. பகலில் அது வெளிறித் தோன்றுவது ஏன் என்பது கேள்வியானால் விடை இவை இரண்டும் அல்ல. காற்றில் சிதறும் நீல ஒளி நிலாவின் ஒளியோடு கலப்பதே அதற்குக் காரணம்.

ஒவ்வொரு ‘ஏன்’ என்பதற்குள்ளும் ‘இது அல்லாமல் வேறொன்று ஏன் இல்லை’ என்ற ஒப்பீடு மறைந்திருக்கிறது என்பதைத் தத்துவ அறிஞர் பாஸ் வான் ஃப்ராஸன் 1980-இல் வெளியான தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். ஆசிரியருக்கு இதனால் கிடைக்கும் கருவி மிக எளியது. ‘ஏன்’ என்று நிற்கும் மாணவனிடம், ‘நீ என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய்?’ என்று கேட்டால் போதும். எதிர்பார்ப்பைச் சொன்னதும் ஒப்பீடு வெளிவந்துவிடும். எம் கருத்தில், ‘நல்ல கேள்வி!’ என்று பாராட்டிவிட்டு முழுப் பாடத்தையும் நடத்திவிடும் ஆசிரியரைவிட, இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பவரே மாணவனின் கேள்வியை மதிக்கிறார். கேட்டபின் சற்றுப் பொறுத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ என்பவர் நடத்திய ஆய்வுகளில், ஆசிரியர்கள் வினவியபின் சராசரியாக ஒரு வினாடிக்குமேல் காத்திருப்பதில்லை என்றும், 3 வினாடி பொறுத்தால் மாணவர் விடைகள் நீளமாகின்றன என்றும் தெரியவந்தது.

தூண்டுதலே கூடாத இடமும் உண்டு. ‘பையன் பூச்சிமருந்து குடித்துவிட்டான். எப்படி’ என்ற செய்திக்குமுன் இலக்கணம் பேச இடமில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், 108 அல்லது 112 எண்ணை அழைக்கவும், மருந்துப் புட்டியை உடன் எடுத்துச் செல்லவும், வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம் என்றும் முதலில் சொல்லிவிட்டு, பிறகே மருந்தின் பெயரையும் குடித்த நேரத்தையும் வினவ வேண்டும். எந்தப் பொருள் கொண்டாலும் முதற்செயல் ஒன்றே என்பதால், முன்பு கூறிய சோதனையும் இதற்கு மாறானதன்று.

தூண்டியும் பதில் வராவிட்டால் என் செய்வது? அதே கேள்வியை மறுபடி அனுப்புவது பயனற்றது. நெற்பயிர் விஷயத்தில் மறுநாளே தொலைபேசியில் பேசுவது நலம். இளம்பயிரில் ஒவ்வொரு நாளும் கணக்கில் சேரும். பேச இயலாதபோது, இரு பொருள்களுக்கும் உரிய விடைகளை ‘இனிமேல் தெளிப்பதாயின்’, ‘முன்பே தெளித்திருந்தால்’ என்று இரண்டு சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதியனுப்பலாம். பதிவேட்டில் எழுதும்போது வந்த செய்தியை வந்தபடியே ஒரு பத்தியிலும், தூண்டுதலுக்குப்பின் முழுமையான கேள்வியை அடுத்த பத்தியிலும் குறிக்க வேண்டும். விவசாயிகளின் தொலைபேசிக் கேள்விகளுக்கு விடையளிக்க 2004 ஜனவரி 21 அன்று மத்திய அரசு தொடங்கிய கிசான் அழைப்பு மையங்களைப் போன்ற ஏற்பாடுகளிலும், மாவட்ட அலுவலகங்களிலும் கேள்விகள் பின்னர்த் தொகுத்துப் பார்க்கப்படுகின்றன. ‘ஜிங்க், எப்படி’ என்ற பதிவை ‘தெளிக்கும் முறை’ என்ற தலைப்பின்கீழ் யாரேனும் சேர்த்துவிட்டால், தெளித்தும் பயன்பெறாத வயல்கள் எத்தனை என்பது அந்தத் தொகுப்பில் ஒருபோதும் தெரியவராது.